கோடு போட்டு அடித்த விலை

நான் விலைகளை எழுதிவைக்கத் தொடங்கியது 1974இல். எண்ணெய் விலை ஏறி, அதன் பின்னாலேயே அரிசி, சீனி, பால்மாவு எல்லாம் ஏறிக்கொண்டிருந்த ஆண்டு. போன மாதம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பதில் வீட்டில் எனக்கும் என் மனைவிக்கும் அடிக்கடி தகராறு வரும். அதைத் தீர்க்க ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்கி, தேதி, கடை, பொருள், விலை என்று நான்கு கட்டங்கள் போட்டேன். தகராறு தீரவில்லை. ஆனால் நோட்டுப் புத்தகப் பழக்கம் நிலைத்துவிட்டது.

எனக்கு அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புப் பிரிவில் வேலை. வரும் ஒவ்வொரு தாளிலும் தேதி முத்திரை குத்தி, உரிய கோப்பில் சேர்ப்பதுதான் நாள் முழுக்க. தேதியில்லாத தாளை நான் நம்பமாட்டேன். அலுவலகம் டோபி காட் பக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் சிலிகி சாலை வழியாகத் தேக்கா சந்தைக்கு நடந்துபோய், காய்கறி வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுவது வழக்கம். அந்த நடையில் எந்தக் கடைக் கண்ணாடியில் எந்த விலைச்சீட்டு தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போய், பேருந்தில் உட்கார்ந்ததும் எழுதுவேன். ஆங்கிலப் பத்திரிகை விளம்பரங்களையும் வெட்டி, ஓரத்தில் தேதி போட்டு ஒட்டுவேன். வானொலி, மின்விசிறி, தையல் மெஷின், குளிர்பதனப் பெட்டி என்று பத்துப் பன்னிரண்டு பொருள்கள். 1980க்குள் ஏழு நோட்டுப் புத்தகங்கள் நிறைந்துவிட்டன.

“அடுத்த வீட்டு ஆம்பளைங்க கடைக்குப் போனா சாமான் வாங்கிட்டு வர்றாங்க. இவரு விலையை வாங்கிட்டு வர்றாரு” என்பாள் என் மனைவி, யார் வீட்டுக்கு வந்தாலும்.

இந்தப் பழக்கம் வெளியே தெரிந்தது 1979இல். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் எல்லாரும் கோப்பியும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுத்தான் கலைவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து பேர் ஒரு துண்டறிக்கையைச் சுற்றி நின்றிருந்தார்கள். கடையில் தீப்பிடித்ததில் மிஞ்சிய ரேடியோ கேசட் பெட்டிகளைப் பாதி விலைக்குத் தள்ளுகிறார்களாம். இரண்டே நாள் லேலோங். மலாய்க்காரர்கள் ஏலத்துக்குச் சொல்லும் அந்தச் சொல் எங்கள் வாயிலும் மலிவு விற்பனைக்குப் பெயராகிவிட்டிருந்தது. நான் மறுநாளே போய்ப் பார்த்தேன். விலைச்சீட்டில் 320 டாலர், எங்கள் பேச்சில் முந்நூற்று இருபது வெள்ளி, என்று எழுதிக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். அதே ரேடியோ ஊரில் எந்தக் கடையிலும் முந்நூற்று இருபதுக்கு விற்றதே இல்லை. என் கணக்கில் அதிகபட்சம் இருநூறுதான். வணிகப் பதிவுச் சான்றிதழ் சுவரில் இல்லை. ரசீதில் கடைப்பெயர் மட்டும் இருந்தது, பதிவு எண்ணோ முகவரியோ கிடையாது. கேரண்டி அட்டையில் ஏஜெண்டின் முத்திரை இல்லை. ரேடியோவின் அடியில் தொடர் எண் சுரண்டப்பட்டிருந்தது. வாங்காதீர்கள் என்றேன். மூன்றாம் வாரம் கடை பூட்டிக்கிடந்தது. என் பேச்சைக் கேட்காமல் வாங்கிய ஒருவர், பழுதான ரேடியோவோடு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்த கதையைக் கொட்டகையில் அவரே சொன்னார்.

அன்றிலிருந்து விளம்பரத் துண்டுகள் என்னிடம் வர ஆரம்பித்தன. வந்ததை நான் வரவேற்றேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வாரம் யாரும் கேட்கவில்லை என்றால், நானே வாய்விட்டு இந்த வாரம் விசேஷம் ஒன்றுமில்லையா என்று கேட்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன்: விற்பவனோடு பேசக்கூடாது. பேச்சில் மனிதன் மயங்குவான், தாள் மயக்காது. விலைச்சீட்டைப் பார், சான்றிதழைப் பார், ரசீதைப் பார், திரும்பி வா. இந்த விதியைச் சிலருக்குப் பெருமையாக எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன்.

1984இல் நாங்கள் புக்கிட் பாத்தோக்கில் புதிய வீட்டுக்குக் குடிவந்தோம். அடுத்த அடுக்குமாடி புளோக்கில் எங்கள் கோயிலுக்கு வரும் ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். காலாங் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள். துணியின் ஓரம் பிரியாமல் நூலால் கட்டிக்கொண்டே, மிஞ்சிய ஓரத்தை வெட்டிக்கொண்டும் போகும் மெஷின் அது. பேருந்து நிறுத்தத்தில் என் சட்டை ஓரத்தைப் பார்த்து, “அண்ணே, இது நாலு நூலு. நல்லா பிடிச்சிருக்காங்க” என்பாள். என்னை அண்ணே என்றும் என் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவாள்.

1985 நாட்டுக்கே கெட்ட ஆண்டு. அந்தத் தொழிற்சாலை நவம்பரில் பாதிப் பேரை நிறுத்தியது. அவளும் அந்தப் பாதியில் இருந்தாள். கைக்கு வந்த பணத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு, வீட்டுத் தவணை எல்லாம் போக எழுநூற்று ஐம்பது வெள்ளியைத் தனியாக எடுத்துவைத்தாள். அது மெஷின் பணம். அவளுடைய பழைய சூப்பர்வைசர் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்கத் தொடங்கியிருந்தார். டீ-சட்டைகளை மூட்டையாக வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, ஓரம் தைத்ததும் எண்ணி வாங்கிப்போவார். சொந்தமாக நாலு நூல் ஓவர்லாக் வைத்திருக்கும் ஆறு பெண்கள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். மார்ச் மாதம் முடிவதற்குள் யாரிடம் மெஷின் இருக்கிறதோ அவர்களுக்கு வேலை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது வீட்டில் இருக்கலாம் என்பதுதான் அவளுக்கு அதில் பெரிய விஷயம்.

மார்ச் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் கொட்டகையில் என்னிடம் ஒரு துண்டறிக்கையை நீட்டினாள்.

“அண்ணே, இதப் பாருங்களேன். வர்ற சனிக்கிழமை ஒரே நாளுதான். காலைல பத்து மணிக்கு ஆரம்பிக்கிறாங்க. பத்து மெஷின்தான் இருக்காம்.”

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் இருந்த தையல் மெஷின் கடை. ஜப்பான் நாலு நூல் ஓவர்லாக். 890 என்று அச்சிட்டு, குறுக்கே கோடு போட்டு, கீழே பெரிதாக 695.

“அந்தக் கடையை எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா அந்த மெஷின் விலையை எழுதிக்கிட்டு வர்றேன்” என்றேன்.

“தெரியும்ணே. அதான் ஒங்ககிட்ட வந்தேன். என் வீட்டுக்காரரு போய் வாங்கிடு வாங்கிடுன்னு குதிக்கிறாரு. நான்தான் அண்ணன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரட்டும்னு சொன்னேன்.”

பக்கத்தில் நின்ற அவள் கணவர் சிரித்தார். “சாமியார் சொன்னாக்கூட இப்புடிக் கேக்க மாட்டா, அண்ணே.”

“சாமியாருக்கு மெஷின் விலை தெரியுமா?” என்றாள்.

வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். வரிசை தெளிவாக இருந்தது. 1984 முழுக்க அந்தக் கடைக் கண்ணாடியில் 720. 1985 செப்டம்பர்வரை 710. டிசம்பரில் 780. பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு கழிந்ததும் 890. மார்ச்சில் அதைக் கோடு போட்டு அடித்து 695. என் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. இந்தத் தந்திரத்தை நான் பல முறை பார்த்திருந்தேன். இரண்டு மாதம் விலையை ஏற்றி வைப்பது, பிறகு பழைய விலைக்கே இறக்கி, இருநூறு வெள்ளி தள்ளுபடி என்று கூவுவது. உண்மையில் அவள் மிச்சம் பிடிப்பது பதினைந்து வெள்ளி. அதற்காகவா ஒரு நாள், பத்து மெஷின் என்று அவசரப்படுத்துகிறார்கள்?

செவ்வாய்க்கிழமை வேலை விட்டதும் கடைக்குப் போனேன். தொப்பி அணிந்த ஒரு முதியவர் மேசையில் உட்கார்ந்து எண்ணெய்க் குப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வாங்க, என்ன பாக்குறீங்க?” என்றார். சும்மா என்று கையசைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. கடைப்பெயர் பலகையில் இருந்த அதே பெயர்தான். ஆனால் வணிகம் தொடங்கிய தேதி என்ற இடத்தில் 1985 அக்டோபர். ஐந்தே மாதம். நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த கடை, தாளில் ஐந்து மாதக் குழந்தை. யாரோ புது ஆள் பழைய பெயரை வாங்கிக்கொண்டு, விலையை ஏற்றி இறக்கி, கையில் கிடைத்ததோடு ஓடப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். ஐந்து மாதத்தில் கடை மூடினால் பழுது பார்த்துக் கொடுக்க யார் இருப்பார்கள்?

அந்த முதியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விதி.

வியாழக்கிழமை மாலை அவள் புளோக்கின் கீழ்த்தளத்தில், கல் மேசையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். கட்டத்தில் விரலை வைத்து மாதம் மாதமாகப் படித்துக்காட்டினேன். சான்றிதழ் விஷயத்தையும் சொன்னேன்.

“அப்ப இது ஏமாத்து வேலையாண்ணே?”

“ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். தள்ளுபடின்னு ஒண்ணு இதுல இல்ல. பழைய வெலைக்கே விக்கிறான். நீ அவசரப்படாத. ரெண்டு மாசம் போகட்டும், கோடு கீடு இல்லாம அதே எழுநூத்துப் பத்துக்கு வந்துடும். நல்ல கடையா பாத்து வாங்கலாம்.”

“மார்ச்சுக்குள்ள வேணுமே.”

“காண்ட்ராக்டருகிட்ட ஒரு மாசம் தவணை கேளு. பதினோரு வருஷம் வேலை செஞ்சவளுக்கு ஒரு மாசம் தரமாட்டாரா?”

அவள் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பதினஞ்சு வெள்ளின்னாலும் கொறைச்சல் கொறைச்சல்தானே?” என்று மெதுவாகக் கேட்டாள்.

இப்போது யோசித்தால், அன்றைக்கு அங்கே பேசப்பட்டவற்றில் புத்தியுள்ள சொல் அது ஒன்றுதான். பழைய விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும் பொருளை, கோடு போட்ட விலை பொய் என்பதற்காக ஏன் விடவேண்டும்? நானோ சான்றிதழைக் காட்டி அவள் வாயை அடைத்தேன். “மெஷின் கெட்டுப்போச்சுன்னா யாருகிட்டப் போவ?”

“சரிண்ணே” என்றாள்.

சனிக்கிழமை வந்து போனது. ஏப்ரலில் கண்ணாடியில் மறுபடியும் 890. இறங்கும் என்று எழுதினேன். அப்படியே எழுதியிருக்கிறேன், பென்சிலால். மே மாதம் 930. அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. விலையை ஏற்றி ஏமாற்றுகிறவன், லேலோங் முடிந்த பிறகும் ஏன் ஏற்றுகிறான்?

மே மாதம் அந்த வாரச் சனிக்கிழமை, என் வெள்ளிக்கிழமை வழியில் இல்லாத கடைகளுக்குப் போனேன். பீச் ரோட்டில் ஒரு சீனர் கடையில் அதே மெஷின், அதே மாடல், 940. ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு பெரிய கடையில் 975. விலை எப்போது ஏறியது என்று கேட்டேன். விற்பவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பீச் ரோட்டுக்காரர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். “யென் ஏறுது லா. எல்லா ஜப்பான் சாமானும் ஏறுது. பேப்பர் படிக்கலையா நீ?” என்று மலாயில் கேட்டார்.

படித்தேன். தினமும் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் விளம்பரப் பக்கத்தை வெட்டிக்கொண்டு மீதியைக் கட்டிவைத்து, பழைய பேப்பர் வாங்கும் காரங்கூனிக்காரனுக்குப் போட்டேன். 1985 செப்டம்பர் கடைசியிலிருந்து யென் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. நூறு யென்னுக்கு ஒரு வெள்ளிகூட வேண்டாம் என்றிருந்தது, மார்ச்சுக்குள் ஒரு வெள்ளி இருபது காசுக்குப் பக்கத்தில் போய்விட்டது. நூலகத்தில் பழைய இதழ்களை வரவழைத்து, நாணய மாற்று விலையை மாதத்துக்கு ஒன்றாக எழுதி, என் மெஷின் விலைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு வரிசையும் கைகோத்து நடப்பதுபோல் ஏறின. நான் ஒரே கடையின் ஒரே கண்ணாடியைப் பார்த்துவிட்டு, ஊர் விலை ஏறியதைக் கடைக்காரனின் தந்திரம் என்று படித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அந்த மெஷினை இறக்குமதி செய்யும் ஏஜெண்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். அதற்கு ஆன செலவு பத்துக் காசு. மார்ச்சிலேயே செய்திருக்கலாம். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: டிசம்பரில் ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு முறை, மே மாதம் ஒரு முறை விலைப்பட்டியலை மாற்றியிருக்கிறார்கள். பிப்ரவரிப் பட்டியலில் அந்த மாடல் 890. ஆக, கோடு போட்டு அடித்த விலை பொய்யில்லை. அந்தக் கடை உங்கள் டீலர்தானா என்று கேட்டேன். “பல வருஷமா எங்க டீலர், சார். ஏன், ஏதாச்சும் புகாரா?” என்றாள். இல்லை என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்குள் போனேன். முதியவர் அதே மேசையில் இருந்தார். சான்றிதழைக் காட்டி, “பாய், இந்தக் கடை ரொம்ப வருஷமா இருக்கே, இதுல போன அக்டோபர்னு போட்டிருக்கே?” என்றேன்.

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். “நீங்க அரசாங்கத்துலேர்ந்து வர்றீங்களா?”

“இல்ல. சும்மா கேட்டேன்.”

“நானும் எங்க அண்ணனும் கூட்டா நடத்துனோம். போன வருஷம் அண்ணன் மவுத்தாயிட்டாரு. ரெண்டு பேரு கூட்டுல ஒருத்தர் போனா கூட்டு முடிஞ்சிபோச்சு, புதுசா பதியணும்னாங்க. எம்பேருல பதிஞ்சேன். அதான் அக்டோபரு.” கொஞ்சம் நிறுத்தி, “அதுக்கு முன்னாடி இருபத்தி ரெண்டு வருஷம். பழைய தாளு இந்தா கீழதான் இருக்கு, பாக்குறீங்களா?” என்று மேசை இழுப்பறையைத் திறக்கப் போனார்.

வேண்டாம் என்றேன். மார்ச் மாத லேலோங் எதற்கு என்று கேட்டேன்.

“மேல்மாடியக் காலி பண்ணச் சொல்லிட்டாரு கட்டடத்துச் சொந்தக்காரரு. பத்து மெஷின் மேல கெடந்துச்சு. பழைய வெலைக்கு வாங்குன சரக்கு. அண்ணன் இருந்தப்ப வந்து எறங்குனது. புதுப் பட்டியல் வெலைக்கு வித்தா எனக்கு நல்ல லாபம்தான், ஆனா ஒண்ணொண்ணா விக்க எங்க வைக்கிறது? ரோட்டுலயா? அதான் ஒரே நாள்ல தள்ளிட்டேன்.” பிறகு சிரித்தார். “நீங்க அப்ப ஒரு நாள் வந்து செவத்தையே பாத்துக்கிட்டு நின்னீங்க. வாங்கன்னு கூப்பிட்டேன், வாயத் தொறக்கல. வாடகைக்கு எடம் பாக்க வந்த ஆளுன்னு நெனச்சேன்.”

நான் எதையும் வாங்காமல் வெளியே வந்தேன். அன்று நோட்டுப் புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை. பன்னிரண்டு ஆண்டில் நான் எழுதாத முதல் வெள்ளிக்கிழமை அது.

காண்ட்ராக்டர் தவணை கொடுக்கவில்லை. அது எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். ஆறு பெண்களும் மார்ச் கடைசி வாரத்தில் அமைந்துவிட்டார்கள். ஆறாவது பெண், அவளோடு அதே வரிசையில் தைத்தவள், அந்தச் சனிக்கிழமை லேலோங்கில் மெஷின் வாங்கியவள். இவள் மே மாதம் எங்கள் குடியிருப்புப் பேட்டையின் உணவங்காடியில் தட்டுக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். மதியம் பதினொன்றிலிருந்து இரவு எட்டுவரை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து கதவைத் தாங்களே திறந்துகொள்வார்கள். சில நாள் எங்கள் வீட்டுக்கு வந்து பாடம் எழுதுவார்கள். என் மனைவி அவர்களுக்கு ரொட்டி தடவிக் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்ப்பாள். நோட்டுப் புத்தகத்தைப் பற்றி அவள் கிண்டல் செய்வதை நிறுத்தியிருந்தாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

விஷயம் தெரிந்தும் ஏழு வாரம் நான் அவளிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்குப் போகாமல் பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவேன். என் மனைவிதான் கடைசியில் கேட்டாள்: “பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“அந்தப் பொண்ணுகிட்ட சொல்லச் சொன்னாரு.”

“பின்ன எதுக்கு எங்கிட்ட மூஞ்சியக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?”

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மத்தியானக் கூட்டம் கலைந்த மூன்று மணிக்கு உணவங்காடிக்குப் போனேன். சட்டைப்பையில் ஓர் உறையில் இருநூற்று எண்பது வெள்ளி வைத்திருந்தேன். ஆர்ச்சர்ட் சாலையில் பார்த்த 975க்கும் 695க்கும் இடைப்பட்ட பணம். அவள் பின்பக்கம் தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்கண்ணே, டீ சொல்லவா?” என்று அவளே போய் இரண்டு தேநீர் வாங்கிவந்து பக்கத்து மேசையில் வைத்தாள். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். யென், பீச் ரோடு, ஏஜெண்டின் பட்டியல், பாயின் அண்ணன். தேதி தேதியாகச் சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. அவள் தேநீரை ஆற்றியபடி கேட்டாள்.

“எனக்குத் தெரியும்ணே” என்றாள்.

“எப்படி?”

“அன்னிக்கு நான் போனேன்ல.”

“என்னிக்கு?”

“அந்தச் சனிக்கிழமை. மனசு கேக்கல. காசையும் எடுத்துக்கிட்டு காலைல ஒம்பதரைக்கே போயிட்டேன். வரிசைல ஏழாவது ஆளு நான். எனக்கு முன்னாடி நின்னவதான் இப்ப அங்க தைக்கிறா. பாய் மேலேர்ந்து மெஷின எறக்கும்போதே ஒண்ணப் பிரிச்சு, நூலப் போட்டு, ஒரு துணிய ஓட்டிக் காட்டுனாரு. சத்தமே இல்ல, அண்ணே. பதினோரு வருஷம் ஓட்டுன எனக்குத் தெரியாதா, நல்ல மெஷினா இல்லையான்னு? கேரண்டி அட்டைல முத்திர இருந்துச்சு. நம்பரையும் பாத்தேன், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே. எல்லாம் சரியா இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்…?”

“எம்முறை வந்துச்சு. அவரு ரசீதுப் புத்தகத்தத் தொறந்தாரு. செவத்துல அந்தத் தாளு இருந்துச்சு. அக்டோபர்னு போட்டிருந்துச்சு.” டம்ளரைக் கீழே வைத்தாள். “இவ்வளவு எழுதி வச்சிருக்கிற மனுசன் சொன்னப்புறம், எங்கண்ணு பாத்தது தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன். பின்னாடி நின்னவளப் போகச் சொல்லிட்டு வந்துட்டேன்.”

முன்பக்கம் யாரோ ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. உறையை எடுத்து மேசைமேல் வைத்தேன். என்னவென்று சொன்னேன்.

அவள் அதைத் தொடவில்லை. “இப்ப மெஷின வாங்கி என்ன செய்றது? தட்டுக்கு ஓரம் தைக்கவா?” என்று கேட்டு, சொன்னது அவளுக்கே சிரிப்பாகிவிட்டது. பிறகு சிரிப்பு நின்றதும், “கோவமில்லண்ணே. நீங்க எனக்கு நல்லதுதான் நெனச்சீங்க” என்றாள்.

கோபப்பட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக்கட்டிக்கொண்டிருப்பேன்.

பேச ஏதாவது வேண்டும் என்று, வேறு காண்ட்ராக்டர் யாராவது இருக்கிறார்களா, விசாரிக்கவா என்று கேட்டேன். இருந்தால் சொல்கிறேன் என்றாள். ஆனால் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவள் சொல்லவில்லை, நானும் யாரையும் கண்டுபிடிக்கவில்லை. 1988இல் மலேசியாவிலிருந்து மலிவாகத் தைத்து வாங்குவது லாபம் என்று அந்தச் சூப்பர்வைசரும் ஆறு பெண்களையும் விட்டுவிட்டார். அப்படியானால் இரண்டு வருஷ வேலைதானே போனது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருஷமும் அவளுடைய பிள்ளைகள் தாங்களே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனதை என் சன்னலிலிருந்து நான் பார்த்தேன். ஆறாவது பெண்ணுக்கு அப்படியில்லை.

அன்றைக்கு, உணவுக்கடைக்காரர் பின்பக்கம் எட்டிப் பார்த்து அவளைக் கூப்பிட்டார். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, உறையை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“டீ ஆறிப்போச்சு. வேற சொல்லட்டுமாண்ணே?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆறிய தேநீரைக் குடித்துமுடித்தேன். அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். எனக்கு முதுகு காட்டி, அடுக்கிலிருந்து முதல் தட்டை எடுத்தாள்.